கார்டு நெல்லையில், கை சென்னையில்

“அண்ணே, வீட்ல கார்டு சும்மாதானே கிடக்கு? அதை மட்டும் நெட்ல இழுத்து இந்த லேப்டாப்புக்குக் கொடுக்க முடியாதா?”

கல்யாண வீடியோ எடிட் செய்யும் இளைஞர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் எழும். நியாயமான கேள்விதான். தவணை கட்டி வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு வீட்டில் பூட்டிய அறையில் இருக்கிறது. வெளியூரில் மடியில் இருப்பதோ நாலு வருடத்துக்கு முன் வாங்கிய லேப்டாப். 4கே காட்சி ஒன்றை டைம்லைனில் இழுத்துப் போட்டாலே மூச்சு வாங்குகிறது.

பதில்: கார்டை மட்டும் தனியே பிரித்து இழுக்க முடியாது. ஏன் என்று புரிந்துகொண்டால் எது முடியும் என்பதும் தெரிந்துவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான இடத்துக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் என்று பெயர். நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் பதினாறு தடங்களும் இருந்தால் ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 32 ஜிபி பாயும். வீட்டுக்கு வரும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் பாய்வது நொடிக்கு 12.5 எம்பி. ஏறக்குறைய 2,500 மடங்கு வித்தியாசம். 4கே படத்தின் ஒரே ஒரு ஃபிரேமைச் சுருக்காமல் எடுத்தால் 33 எம்பி இருக்கும். அது அந்த ஃபைபரில் வந்து சேர இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். நம் ஊர் கல்யாண வீடியோவிலோ நொடிக்கு 25 ஃபிரேம். எடிட்டிங் மென்பொருள் சென்னையில் ஓட, அதற்கு வேண்டிய கணக்கை நெல்லையில் இருக்கும் கார்டு போட்டுத் தர வேண்டும் என்றால் ஒரு நொடிப் படத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஆகவே மென்பொருளும் கார்டு இருக்கும் இடத்திலேயே ஓட வேண்டும். நாம் தீர்மானிக்க வேண்டியது இரண்டு ஊருக்கும் இடையே எதை அனுப்புவது என்பதை மட்டும்தான். திரையில் தெரியும் படத்தை அனுப்பலாம். மூலக் காட்சிகளின் சிறிய நகல்களை அனுப்பலாம். வெறும் கட்டளையை மட்டும்கூட அனுப்பலாம். எந்த வேலைக்கு எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்கள்தான் “இதெல்லாம் சரிப்படாது” என்று கைவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். எடிட்டருக்குத் திருநெல்வேலியில் வீடு. அங்கே ரைசன் 5 பிராசஸர், 32 ஜிபி ராம், 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு போட்ட கம்ப்யூட்டர். மனைவியின் பிரசவத்துக்காகச் சில வாரங்கள் சென்னையில் மாமனார் வீட்டில் இருக்க வேண்டும். கையில் எட்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம் கொண்ட லேப்டாப். இரண்டு வீட்டிலும் ஃபைபர் இணைப்பு உண்டு. முடிக்க வேண்டிய கல்யாணத்தின் காட்சிகள் நெல்லைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன.

காட்சிகள் ஏற்கெனவே கார்டு இருக்கும் இடத்தில் இருப்பதால் இவருக்குத் திரையை அனுப்பும் வழிதான் சரி.

திரையை அனுப்புதல்

இந்த வேலைக்கான நல்ல கருவிகளை உருவாக்கியவர்கள் எடிட்டர்கள் அல்லர், கேம் விளையாடுபவர்கள். கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனம், ஓர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடும் கேமை இன்னோர் அறையில் டிவியில் விளையாட ‘கேம்ஸ்ட்ரீம்’ என்ற வசதியை வைத்திருந்தது. அதை வேறு கருவிகளிலும் பயன்படுத்தத் தன்னார்வலர்கள் எழுதிய செயலி மூன்லைட். 2023-இல் என்விடியா அந்த வசதியை நிறுத்திக்கொண்டது. அதன் இடத்தைப் பிடித்திருப்பது சன்ஷைன் என்ற திறந்த மூல மென்பொருள். இரண்டுமே இலவசம். நெல்லையில் சன்ஷைன், சென்னையில் மூன்லைட்.

நடப்பது இதுதான். நெல்லைக் கம்ப்யூட்டரின் திரையில் தோன்றும் படத்தைச் சன்ஷைன் ஃபிரேம் ஃபிரேமாகப் பிடிக்கிறது. கார்டுக்குள் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. என்வென்க் என்பார்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் உடனுக்குடன் சுருக்கி அனுப்புகிறது. சென்னை லேப்டாப் அதை விரித்துக் காட்டுகிறது. இங்கே மவுஸை நகர்த்தினால் அந்த அசைவு மட்டும் அங்கே போகிறது. லேப்டாப்பைப் பொறுத்தவரை இது ஒரு யூடியூப் வீடியோவைப் பார்ப்பது போன்ற வேலை. இந்த வயதான ஐ3-க்கு அது சிரமமே இல்லை, ஏனென்றால் வீடியோவை விரிக்கும் சிறு பகுதி அதன் சிப்புக்குள்ளேயே உண்டு. எட்டாம் தலைமுறை என்பதால் எச்.265 முறையும் அதற்குத் தெரியும். இன்னும் பழைய லேப்டாப் என்றால் மூன்லைட் அமைப்பில் எச்.264 என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

முதல் முறை இணைப்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிடுவது நல்லது. நெல்லைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் `https://localhost:47990` என்று அடித்தால் சன்ஷைனின் அமைப்புப் பக்கம் வரும். பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். அந்தப் பக்கம் நம் கம்ப்யூட்டரிலேயே இருப்பதால் தாண்டிப் போகலாம். லேப்டாப்பில் மூன்லைட் நாலு இலக்க எண் ஒன்றைக் காட்டும். அதைச் சன்ஷைன் பக்கத்தில் அடித்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அறிந்துகொள்ளும்.

விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பதிவுக்கு அது அருமையான கருவி. ஆனால் ஹோம் பதிப்பு விண்டோஸை வெளியிலிருந்து அதன் வழியே இயக்க முடியாது, புரோ வேண்டும். அதுவும் வழக்கமான அமைப்பில் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் தராது. டைம்லைனை ஓடவிட்டு, நாதஸ்வரத்தின் தாளத்துக்கு ஷாட்டை வெட்டும் வேலைக்கு அது உதவாது.

இனி கம்பியில் எவ்வளவு பாயும் என்ற கணக்கு. 1080பி திரையை நொடிக்கு 60 ஃபிரேமாக அனுப்ப மூன்லைட் தானாகவே 20 எம்பிபிஎஸ் எடுத்துக்கொள்ளும். எடிட்டிங்குக்கு 30 ஃபிரேமும் 10 எம்பிபிஎஸ்ஸும் போதும். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, நெல்லை வீட்டின் அப்லோட் வேகம்தான் இங்கே முக்கியம் என்பதை. சென்னையில் எவ்வளவு வேகமாக டவுன்லோட் ஆனாலும், அந்தப் பக்கத்திலிருந்து ஏறினால்தான் இங்கே இறங்கும். கிளம்புமுன் வீட்டில் வேகத்தை அளக்கும்போது இரண்டாவதாக வரும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி. ஃபைபரில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் ரயிலில் போகும்போது செல்போன் ஹாட்ஸ்பாட்டில் செய்யலாம் என்று நினைத்தால், ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் திட்டம் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

தாமதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒளி ஃபைபருக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் நெல்லைக்கும் இடையே சாலைவழி 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர ஆறு மில்லிசெகண்டே போதும். ஆனால் நம் தரவு நேர்க்கோட்டில் போவதில்லை. எத்தனையோ நிலையங்களில் ஏறி இறங்கித்தான் வருகிறது. 30 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு அங்கே சுருக்க, இங்கே விரிக்க, திரையில் அடுத்த ஃபிரேமுக்காகக் காத்திருக்க என்று இன்னும் ஒரு முப்பது. மொத்தம் 60 மில்லிசெகண்ட் வாக்கில், அதாவது ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கு. ஷாட்டை வெட்டுவதற்கு இது பழகிவிடும். பேனா டேப்லெட்டில் ஆல்பம் ரீடச் செய்பவருக்கு எரிச்சலூட்டும். அந்த வேலையை இந்த வழியில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

வீட்டுக் கதவு எங்கே?

ஒரே வீட்டுக்குள் இதெல்லாம் சுலபமாக நடந்துவிடும். ஊர் விட்டு ஊர் போனதும்தான் சிக்கல். இணைய நிறுவனங்கள் பலவும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் தருகின்றன. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீடு எது என்றே தெரியாது. ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டால் போதும் என்ற பழைய யோசனை இதனால்தான் பல வீடுகளில் பலிப்பதில்லை.

பொது முகவரி தனியாகக் கிடைத்த வீட்டிலும் அந்த யோசனை வேண்டாம். குறிப்பாக ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவர்களுக்கு வரவேற்புப் பலகை வைப்பதற்குச் சமம். ஒரு ஸ்டுடியோவில் பூட்டப்படும் கோப்புகள் பத்துக் குடும்பங்களின் கல்யாணமாக இருக்கும்.

டெய்ல்ஸ்கேல் போன்ற தனிவலை மென்பொருளை இரண்டு கருவிகளிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழைந்துவிட்டால், இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். நெல்லைக் கம்ப்யூட்டரின் அந்த முகவரியை மூன்லைட்டில் சேர்த்தால் போதும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்.

இணைந்துவிட்டது, ஆனால் படம் திக்கித் திக்கி வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். டெய்ல்ஸ்கேல் இரண்டு கருவிகளையும் நேரடியாக இணைக்க முயலும். அது முடியாதபோது தன் இடைநிலையங்கள் வழியே தரவைச் சுற்றி அனுப்பும். அந்தச் சுற்றுவழி கோப்பு அனுப்பத் தாங்கும், வீடியோவுக்குத் தாங்காது. லேப்டாப்பின் கட்டளைத் திரையில் இப்படி அடித்துப் பாருங்கள். `veedu-pc` என்ற இடத்தில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் வர வேண்டும்.

```
tailscale ping veedu-pc
```

பதிலில் `via DERP` என்று தொடர்ந்து வந்தால் சுற்றுவழி. அதற்குப் பதிலாக ஓர் எண் முகவரி வந்தால் நேர்வழி. முதல் இரண்டு வரிகளில் சுற்றுவழி காட்டி, பிறகு நேர்வழிக்கு மாறினால் கவலை இல்லை. மாறவே இல்லை என்றால் ரூட்டரில் யுபிஎன்பி வசதியை இயக்கிப் பார்க்கலாம். அல்லது ஏதாவது ஒரு பக்கத்தின் இணைப்பை மாற்றிப் பார்க்கலாம். இரண்டு பக்கத்தில் ஒன்று இடம் கொடுத்தாலே பெரும்பாலும் நேர்வழி கிடைத்துவிடும்.

நேர்வழியாக இருந்தும் திக்கினால், மூன்லைட் ஓடும்போது Ctrl+Alt+Shift+S அழுத்துங்கள். திரையின் மூலையில் சில வரிகள் தோன்றும். `Frames dropped by your network connection` என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி நெட்வொர்க். பெரும்பாலும் மாமனார் வீட்டு வைஃபைதான் காரணம். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள், அல்லது எம்பிபிஎஸ்ஸைக் குறையுங்கள். `Average decoding time` பதினைந்து, இருபது மில்லிசெகண்டைத் தாண்டினால் லேப்டாப் திணறுகிறது. திரை அளவைக் குறைக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, `Host processing latency` மட்டும் எகிறினால், நெல்லையில் கார்டு வேறு வேலையில் மூழ்கியிருக்கிறது என்று அர்த்தம். நெல்லைக் கம்ப்யூட்டரை எப்போதும் லேன் கேபிளில்தான் இணைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் செய்வதில்லை.

ஆளில்லாத வீட்டில் கம்ப்யூட்டர்

ஊரில் இல்லாதபோது வரும் தொல்லைகளில் பாதி கம்ப்யூட்டருக்கு வெளியே இருந்து வருகின்றன. மானிட்டரை அணைத்துவிட்டுக் கிளம்புகிறோம். சில மானிட்டர்கள் அணைந்ததும், திரையே இல்லை என்று கார்டு முடிவு செய்துவிடும். பிடித்து அனுப்பப் படமே இருக்காது. கருப்புத் திரை வரும், அல்லது வராமலே போகும். இதற்கு எச்டிஎம்ஐ டம்மி பிளக் என்று கட்டைவிரல் அளவில் ஒன்று விற்கிறது. சில நூறு ரூபாய்தான். கார்டின் பின்னால் செருகிவிட்டால் ஒரு மானிட்டர் இருப்பதாகவே கார்டு நம்பிக்கொண்டிருக்கும்.

அடுத்தது மின்சாரம். சும்மா இருக்கும்போதே இப்படி ஒரு கம்ப்யூட்டர் 70 வாட் வரை எடுக்கும். நாள் முழுவதும் ஓடினால் ஒன்றே முக்கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட். அரசு இலவசமாகத் தரும் யூனிட்டில் பெரும் பகுதி அதற்கே போய்விடும். வேண்டும்போது மட்டும் எழுப்ப ‘வேக் ஆன் லேன்’ என்ற வசதி இருக்கிறது. ஆனால் எழுப்பும் செய்தி வீட்டு நெட்வொர்க்குக்குள்ளிருந்து வர வேண்டும், இணையத்தைத் தாண்டி அது வராது. அதை அனுப்ப வீட்டில் எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு சிறு கருவி தேவை.

இதைவிட எளிய வழி ஒன்றைப் பலர் பின்பற்றுகிறார்கள். பயாஸ் அமைப்பில், கரன்ட் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் `Restore on AC Power Loss` என்ற பெயரில். அதை `Power On` என்று வைத்துவிட்டு, செல்போனில் இயக்கும் ஸ்மார்ட் பிளக்கில் கம்ப்யூட்டரைச் செருகிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து பிளக்கை இயக்கினால் நெல்லையில் கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும். வேலை முடிந்ததும் முதலில் விண்டோஸை முறையாக ஷட்டவுன் செய்து, சில நிமிடம் கழித்துத்தான் பிளக்கை அணைக்க வேண்டும். அந்த வரிசையை மாற்றினால் ஹார்டு டிஸ்க் பாவம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. கம்ப்யூட்டர் எழுந்து, பாஸ்வேர்டு கேட்கும் திரையில் நிற்கும். சன்ஷைன் அந்த நிலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். டெய்ல்ஸ்கேல் ஓடாது. யாராவது உள்ளே நுழைந்த பிறகுதான் அது தன் வேலையைத் தொடங்கும். உள்ளே நுழைய வேண்டியவரோ 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். விண்டோஸ் டெய்ல்ஸ்கேலின் விருப்பங்களில் `Run unattended` என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் சிக்கல் தீர்ந்தது. கிளம்புமுன் ஒருமுறை கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, கீபோர்டைத் தொடாமல், செல்போன் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்தச் சோதனையில் தேறிய அமைப்பு வெளியூரிலும் தேறும்.

சிவப்பு மட்டும் ஏன் கலங்குகிறது?

வெட்டும் வேலை முடிந்து நிறம் திருத்த உட்கார்ந்ததும் எடிட்டருக்குச் சந்தேகம் வரும். மணமகளின் கூரைப் புடவைச் சிவப்பு விளிம்பில் பிசிறடிக்கிறது. ஜரிகைக் கோடு கலங்கலாகத் தெரிகிறது. காட்சியில் குறை இல்லை. வரும் வழியில் வந்த குறை அது.

வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்ச விவரத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துவிடுவார்கள். 4:2:0 என்பது அந்த முறைக்குப் பெயர். நம் கண் வெளிச்சத்தில் நுணுக்கம் பார்க்கும், நிறத்தில் அவ்வளவாகப் பார்க்காது. பெரும்பாலான காட்சிகளில் இந்தத் தந்திரம் பிடிபடாது. அடர் சிவப்பில் வெளிச்ச விவரம் குறைவு, எல்லாமே நிறத்தை நம்பி இருக்கிறது. அங்கேதான் குட்டு வெளிப்படும். மூன்லைட், சன்ஷைன் இரண்டின் புதிய பதிப்புகளில் நிற விவரத்தைக் குறைக்காத 4:4:4 முறை வந்திருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்து வன்பொருளும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், எம்பிபிஎஸ்ஸும் கூடும். இந்த ஐ3 லேப்டாப்பை அதற்கு நம்ப முடியாது. போதாக்குறைக்கு, விலை குறைந்த லேப்டாப்புகளின் திரையே சிவப்பை வெளுப்பாகத்தான் காட்டும்.

அதனால் இறுதி நிறத்தைக் கண்ணால் முடிவு செய்யாமல் ஸ்கோப்களைப் பார்த்து முடிவு செய்வதே இங்கே பாதுகாப்பு. வேவ்ஃபார்ம், வெக்டர்ஸ்கோப் வரைபடங்களை நெல்லையில் மூலக் காட்சியிலிருந்தே மென்பொருள் கணக்கிடுகிறது. நமக்கு வந்து சேர்வது அந்த வரைபடத்தின் படம்தான். கோடு கொஞ்சம் மங்கலாக வரலாம், ஆனால் இருக்கும் இடம் மாறாது. மாநிறமோ சிவப்போ கறுப்போ, முகத்தின் நிறம் வெக்டர்ஸ்கோப்பில் ஏறக்குறைய ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். வேறுபாடு வெளிச்சத்தில்தான். முகத்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் புடவை தானாகவே தன் நிறத்துக்கு அருகில் வந்து நிற்கும்.

காட்சிகள் இந்தப் பக்கம் இருந்தால்

இதுவரை பார்த்தது காட்சிகள் நெல்லையில் இருந்ததால் நடந்தது. அதே எடிட்டர் சென்னையில் ஒரு வரவேற்பைப் படம் பிடித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 100 எம்பிபிஎஸ்ஸில் பதிவாகும் 4கே காட்சி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 50 எம்பிபிஎஸ் அப்லோட் தடங்கலில்லாமல் கிடைத்தாலும் நெல்லைக்கு அனுப்ப இரண்டு மணி நேரம். இரண்டு கேமரா, நாலு மணி நேர நிகழ்ச்சி என்றால் 360 ஜிபி, 16 மணி நேரம். இரவு முழுவதும் ஓடவிட்டும் போதாது. இந்த அளவுக்கு ஹார்டு டிஸ்க்கைப் பேருந்தில் பார்சல் போடுவது நெட்டைவிட வேகம். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும் என்பது வேறு.

பார்சல் போன பிறகு பிராக்ஸி முறை கைகொடுக்கும். நெல்லையில் வீட்டில் இருக்கும் யாராவது டிஸ்க்கைச் செருகினால், ஒவ்வொரு காட்சிக்கும் சிறிய நகல் ஒன்றைக் கார்டைக் கொண்டு தயாரிக்கலாம். எடிட்டிங் மென்பொருள்களிலேயே இதற்கு வசதி உண்டு. தனியாகச் செய்வதானால் எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு வரி:

```
ffmpeg -hwaccel cuda -i C0012.MP4 -vf scale=960:540 -pix_fmt yuv420p -c:v h264_nvenc -b:v 5M -g 15 -c:a aac C0012_proxy.mp4
```

அகல உயரம் காலே கால் பங்கு, 5 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரக் காட்சி இப்போது 2.25 ஜிபிதான். `-g 15` என்பது பதினைந்து ஃபிரேமுக்கு ஒருமுறை முழுப்படம் ஒன்றை வைக்கச் சொல்கிறது. அதனால் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது லேப்டாப் தேடித் திணறாது. ஃபிரேம் வேகத்தை மாற்றவே கூடாது. மூலம் 25 என்றால் நகலும் 25. மாறினால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துவிடும்.

இந்தச் சிறு நகல்களைச் சென்னைக்கு இறக்கி, லேப்டாப்பிலேயே, நெட் இல்லாமல்கூட வெட்டலாம். மாலையில் நெல்லைக்குப் போவது புராஜெக்ட் கோப்பு மட்டும். அதில் எந்தக் காட்சியில் எங்கே வெட்டு என்ற குறிப்புகள்தானே இருக்கின்றன, ஒருசில எம்பிக்கு மேல் போகாது. அங்கே அதே மென்பொருளின் அதே பதிப்பு திறந்து, மூலக் காட்சிகளோடு இணைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கோப்புறைப் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் இணைப்பது ஒரு நிமிட வேலை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். புதிய கேமராக்கள் சில 4:2:2 10 பிட் என்ற முறையில் பதிவு செய்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060-இன் விரிக்கும் பகுதிக்கு அது தெரியாது. என்விடியா கார்டுகளில் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆகவே நெல்லையில் கார்டு இருந்தும் அந்தக் காட்சிகள் இழுக்கும். டாஸ்க் மேனேஜரில் கார்டின் `Video Decode` வரைபடம் தரையில் கிடக்க, பிராசஸர் நூறு சதவீதத்தில் நின்றால் இதுதான் காரணம் என்று அடையாளம் காணலாம். மேலே சொன்ன பிராக்ஸி அங்கேயும் மருந்து.

கட்டளை மட்டும்

கடைசி வேலை ரெண்டர். இதற்குத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதே இல்லை. தொடக்கி வைத்துவிட்டு மூன்லைட்டைத் துண்டித்துவிடலாம். துண்டித்தால் நாம் பார்ப்பது நிற்குமே தவிர நெல்லையில் ஓடும் வேலை நிற்காது. துண்டிப்பது நல்லதும்கூட. கார்டு முழுமூச்சாக ரெண்டரில் இருக்கும்போது திரையையும் பிடித்து அனுப்பச் சொன்னால் இரண்டும் தடுமாறும்.

பிளெண்டரில் கல்யாண டைட்டிலுக்கு ஒரு முப்பரிமாணக் காட்சி செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபுரம், தீபம், பெயர்கள். பத்து நொடி, 250 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 40 விநாடி என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். இதற்கு பிளெண்டரின் ஜன்னலைக்கூடத் திறக்க வேண்டாம்:

```
blender -b title.blend -E CYCLES -o //out/t_#### -F PNG -s 1 -e 250 -a -- --cycles-device OPTIX
```

இதில் வரிசை முக்கியம். வெளியீடு எங்கே, எந்த ஃபிரேம் முதல் எதுவரை என்பதெல்லாம் `-a`-வுக்கு முன்னால் வர வேண்டும். பிளெண்டர் இடமிருந்து வலமாகப் படித்து, `-a` வந்ததும் கிளம்பிவிடும். பின்னால் எழுதிய அமைப்பை அது பார்க்காது. கடைசியில் இருக்கும் `OPTIX` என்ற சொல்தான் கார்டைப் பயன்படுத்தச் சொல்கிறது. அது விட்டுப்போய், கோப்பிலும் அமைப்பு சரியாக இல்லையென்றால், பிராசஸர் மட்டும் விடியவிடிய உழைத்துக்கொண்டிருக்கும், கார்டு தூங்கும்.

டைட்டிலை லேப்டாப்பில் செய்து கோப்பை மட்டும் அனுப்பியிருந்தால், அனுப்பும் முன் `File > External Data > Pack Resources` கொடுத்திருக்க வேண்டும். மறந்தால் லேப்டாப்பில் இருக்கும் சித்திரக் கோப்புகள் நெல்லைக்குப் போயிருக்காது. கோபுரம் பளீரென்ற ஊதாச் சிவப்பில் வந்து நிற்கும். அந்த நிறத்தைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்ளலாம். முழுவதும் ஓடவிடுமுன் ஒரே ஒரு ஃபிரேமை எடுத்துப் பார்ப்பவருக்கு அது ஒரு நிமிடத்தில் தெரியும், மற்றவருக்குக் காலையில்.

நேராக எம்பி4 ஆக எடுக்காமல் பிஎன்ஜி படங்களாக எடுக்கச் சொன்னதற்கு நம் ஊர் மின்வெட்டே காரணம். 180-ஆவது ஃபிரேமில் கரன்ட் போனால் பாதி எழுதிய எம்பி4 பெரும்பாலும் திறக்காது. படங்களாக இருந்தால் 179 படங்கள் பத்திரமாக இருக்கும். `-s 180` என்று மாற்றி மீதியை ஓடவிடலாம்.

எல்லாம் முடிந்து நெல்லையில் இரண்டு மணி நேரக் கல்யாணம் 20 ஜிபி கோப்பாகத் தயாராக நிற்கும்போது, அதைச் சென்னைக்கு இறக்கிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். ஓடவிட்டு மூன்லைட்டிலேயே பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நிறம் பற்றிய சந்தேகம் மிச்சமிருந்தால் ஒரு நிமிடத் துண்டை மட்டும் இறக்கி, நல்ல டிவி ஒன்றில் போட்டுப் பார்க்கலாம். பெண் வீட்டாருக்கு அனுப்புவதையும் நெல்லையிலிருந்தே மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றி, இணைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். அவர்கள் பென்டிரைவில்தான் வேண்டும் என்பார்கள். அதற்கு மட்டும் நெல்லையில் ஓர் ஆள் வேண்டும்.